ஒரு புது வீட்டு வாடிக்கைக்கு 2,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் காபித்தூள் கடை வைத்திருக்கிறேன். ஏற்காட்டுக் கொட்டையை வறுத்து அரைத்து, மாதம் ஒரு கிலோ வீதம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கிலோ 600 ரூபாய். செலவு போக 150 நிற்கும். போன ஏப்ரலில் 500 வீடு இருந்தது, அதில் 425 வீடு இன்னும் வாங்குகிறது. ஒரு விளம்பர ஏஜென்ட், “ஒரு வாடிக்கையாளரின் ஆயுள் மதிப்பு 48,000 ரூபாய். வீட்டுக்கு 2,500 கொடுங்கள், 100 புது வீடு பிடித்துத் தருகிறேன்” என்கிறார். 12% வட்டிக்குக் கடன் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கலாமா சார்? எந்த வருடம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் நின்றார்கள் என்ற நோட்டின் நகலையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: 2,500 கொடுக்காதீர்கள். என் கணக்கில் உங்களுக்கு ஒரு புது வீட்டின் மதிப்பு ஏறக்குறைய 3,200 ரூபாய்தான். 48,000 எங்கே, 3,200 எங்கே என்று தோன்றும். நடுவில் உள்ள வித்தியாசம் எப்படிக் கரைந்தது என்று பார்த்தால், ஏஜென்டிடம் என்ன பேரம் பேசலாம் என்பதும் தெரிந்துவிடும்.

500 வீட்டில் 75 போயிற்று, அதாவது வருடத்துக்கு 15%. 100ஐ 15ஆல் வகுத்தால் 6.67. ஆக ஒரு வீடு சராசரியாக ஆறே முக்கால் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும் என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டார். வருட விற்பனை 7,200 ரூபாய். இரண்டையும் பெருக்கினால் 48,000. இதில் முக்கால் பங்கு உங்கள் பணமே இல்லை. அது கொட்டைக்கும் சிக்கரிக்கும் பாக்கெட்டுக்கும் பெட்ரோலுக்கும் போகிறது. உங்களுக்கு நிற்பது கிலோவுக்கு 150, வருடத்துக்கு 1,800. அதை 6.67ஆல் பெருக்கினால் 12,000தான்.

அடுத்து, ஆறாம் வருடம் வரப்போகிற 1,800ஐ இன்றைக்குக் கையில் இருக்கும் 1,800 போல எண்ணக் கூடாது. நீங்கள் கொடுக்கப்போகும் பணம் இன்றைக்கே போகிறது, அதுவும் கடன் பணம். அதனால் வரப்போகிற ஒவ்வொரு வருட லாபத்தையும் ஒரு தள்ளுபடி விகிதத்தால் இன்றைய மதிப்புக்குக் குறைக்க வேண்டும். நான் 15% எடுத்திருக்கிறேன். உங்கள் கடன் வட்டி 12. கொட்டை விலை ஏறி 150 சுருங்கிவிடலாம் என்ற பயத்துக்கு மேலே ஒரு 3. ‘வாடிக்கையாளர் போய்விடுவாரே’ என்று சொல்லி இதை 25, 30 என்று ஏற்றுகிறவர்களும் உண்டு. அது தவறு. போகிறவர்களை எண்ணிக்கையில் ஏற்கெனவே கழிக்கிறோம், அதே ஆபத்தை விகிதத்திலும் கழித்தால் இரட்டைக் கழிவு.

லாபம் வருடக் கடைசியில் கைக்கு வருவதாகவும், வருடா வருடம் ஒரே 85% பேர் நிற்பதாகவும் வைத்துக்கொண்டால் எக்செலில் ஒரே வரி போதும்:

```
=1800/(1+0.15-0.85)
```

விடை 6,000. மேலே வந்த 12,000 பாதியாகிவிட்டது. பல பேர் இத்தோடு கணக்கை மூடிவிடுவார்கள். ஆனால் உங்கள் நோட்டைப் பார்த்த பிறகு இந்த 85ஐ நம்ப முடியவில்லை.

அந்த 500 வீட்டில் 100 வீடு அப்போதுதான் புதிதாகச் சேர்ந்தவை. அவற்றில் நின்றது 60. இரண்டாம் வருடத்தில் இருந்த 40 வீட்டில் 30, மூன்றாம் வருடத்து 40இல் 34, நான்காம் வருடத்து 40இல் 36. மிச்சம் 280 வீடு பழைய ஆட்கள். அதில் 265 அப்படியே நிற்கிறது. கூட்டினால் 425 சரியாக வரும். அதாவது 85% என்பது உங்கள் பழைய வீடுகள் தூக்கிக் கொடுத்த சராசரி. ஏஜென்ட் கொண்டுவரப்போவது பழைய வீடுகளை அல்ல, புது வீடுகளை. புது வீடு முதல் வருடத்தில் 85 நிற்காது, 60தான் நிற்கும். பழையவர்கள் அதிகமாக உள்ள எந்தக் கடையிலும் மொத்தச் சராசரி இப்படித்தான் ஏமாற்றும்.

ஆகவே 100 புது வீட்டை வருடம் வருடமாக நடத்திப் பார்ப்போம். இரண்டாம் வருடம் தொடங்கும்போது 60 வீடு இருக்கும். அதில் 75% நின்றால் மூன்றாம் வருடத்துக்கு 45. அதில் 85%, சுமார் 38. அதில் 90%, சுமார் 34. விகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும்.

முதல் வருடத்தில் இன்னொரு திருத்தம் தேவை. விட்டுப்போன 40 வீடும் வருடம் முழுக்க வாங்கிவிட்டுப் போகவில்லை. உங்கள் நோட்டுப்படி பெரும்பாலும் மூன்றாம், நான்காம், ஐந்தாம் மாதத்தில் நின்றிருக்கிறார்கள். சராசரி நாலு மாதம் என்று வைத்தால் அவர்களிடம் கிடைத்தது ஆளுக்கு 600 ரூபாய்தான். 60 வீட்டுக்கு 1,800, 40 வீட்டுக்கு 600 என்று கூட்டி 100ஆல் வகுத்தால், முதல் வருட லாபம் வீட்டுக்கு 1,320.

| வருடம் | 100இல் தொடங்கும் வீடு | சேர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் லாபம் (ரூ.) | இன்றைய மதிப்பு (ரூ.) |
|---|---|---|---|
| 1 | 100 | 1,320 | 1,148 |
| 2 | 60 | 1,080 | 817 |
| 3 | 45 | 810 | 533 |
| 4 | 38 | 689 | 394 |
| 5 | 34 | 620 | 308 |

கடைசிப் பத்தியைக் கூட்டினால் 3,200.

ஐந்து வருடத்தோடு ஏன் நிறுத்தினேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய வீடுகளைப் போல அதற்கு மேலும் 95% நிற்கும் என்று நம்பினால், ஆறாம் வருடத்திலிருந்து வரும் வால் இன்றைய மதிப்பில் இன்னும் சுமார் 1,460 சேர்க்கும். சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்த 280 வீடும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, உங்கள் தூளின் வாசனை பிடித்து, தானாக வந்தவர்கள். ஏஜென்ட் காட்டும் இலவச ஃபில்டர் போன்ற சலுகைக்காகச் சேருகிறவரும் அதே போலப் பத்து வருடம் நிற்பார் என்று சொல்ல நோட்டில் ஆதாரம் இல்லை. கடன் வாங்கிச் செலவு செய்யும் முடிவை இந்த வாலை நம்பி எடுக்க மாட்டேன். வந்தால் லாபம், அவ்வளவுதான்.

3,200 கிடைக்கும் இடத்தில் 2,500 கொடுத்தால் 700 மிச்சம்தானே என்றும் தோன்றும். பணம் எப்போது திரும்புகிறது என்று பாருங்கள். முதல் வருடம் 1,148, இரண்டாம் வருடத்தோடு 1,965, மூன்றாம் வருடத்தோடு 2,498. ஆக மூன்று முழு வருடம் ஓடிய பிறகுதான் போட்ட பணம் வட்டியோடு கைக்கு வருகிறது. 100 வீட்டுக்கு இரண்டரை லட்சம் அதுவரை முடங்கிக் கிடக்கும். அதற்குள் கொட்டை விலை ஏறி, நீங்கள் விலையை ஏற்ற முடியாமல் கிலோவுக்கு 150 என்பது 120 ஆகிவிட்டால், 3,200 நேராக 2,560க்கு இறங்கும். 2024, 25இல் காபிக் கொட்டை விலை ஏறிய ஏற்றத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள், புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய சந்தேகம், ஏஜென்ட் பிடிக்கும் வீடுகள் உங்கள் வழக்கமான புது வீடுகளைப் போல 60% நிற்குமா என்பது. 45% மட்டும் நின்றால் முதல் வருட லாபம் 1,140 ஆகும், பின்வரும் வருடங்கள் எல்லாம் கால் பங்கு குறையும், மொத்தம் சுமார் 2,530. கொடுத்த காசுக்கும் கிடைத்த காசுக்கும் 30 ரூபாய்தான் வித்தியாசம். எந்தப் பகுதியில் பிடிக்கிறார் என்பதையும் கேளுங்கள். சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் தூள் எவ்வளவு பிடித்திருந்தாலும் டிரான்ஸ்ஃபர் வந்தால் வாடிக்கை போய்விடும். அழகாபுரத்தில் சொந்த வீட்டுக்காரர் கதை வேறு. இரண்டையும் ஒரே விகிதத்தில் போடக் கூடாது. உங்கள் நோட்டில் பகுதி என்ற ஒரு பத்தியைச் சேர்த்துக்கொண்டால் அடுத்த வருடம் இந்தக் கணக்கைப் பகுதிவாரியாகவே போடலாம்.

சரி, பேரம். கையோடு வீட்டுக்கு 1,000 ரூபாய், ஆறு மாதம் கழித்தும் வாங்கிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு மட்டும் இன்னொரு 800 என்று சொல்லுங்கள். புது வீட்டை இழுக்கக் கொடுக்கும் ஃபில்டர், முதல் மாத அரை விலை எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். அவை உங்கள் தலையில் விழுந்தால் அதுவும் வாடிக்கையாளரைப் பிடித்த செலவுதான். எல்லா வீடும் ஆறு மாதம் தாண்டினாலும் 1,800க்கு மேல் போகாது. பாதிப் பேர் முதல் ஐந்து மாதத்துக்குள் விட்டால் 1,400 தான் ஆகும். இரண்டாம் வருடத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். ஏஜென்ட்டுக்கும் நிற்கக்கூடிய வீட்டைத் தேட ஒரு காரணம் கிடைக்கும். ஒத்துக்கொண்டால் முதலில் 25 வீட்டோடு ஆரம்பியுங்கள், ஆறு மாதத்தில் எத்தனை நிற்கிறது என்று பார்த்துவிட்டு மீதி. ஒத்துக்கொள்ளாவிட்டால், தான் பிடிக்கும் வீடுகள் நிற்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கணக்கின் எந்த எண்ணை அசைத்தால் விடை அதிகம் மாறுகிறது என்றும் பார்த்தேன். தள்ளுபடி விகிதத்தை 15லிருந்து 12க்குக் குறைத்தால் 3,200 என்பது 3,405 ஆகிறது, அவ்வளவுதான். அதே நேரம் முதல் வருடம் நிற்பவர்கள் 60லிருந்து 70 ஆனால் சுமார் 3,650. ஒரு வீட்டுக்கு 450 ரூபாய்க்குக் கிட்டே கூடுகிறது, ஏஜென்ட் யாரும் இல்லாமலே. மூன்றாம் மாதத்தில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று அந்த 40 வீட்டில் பத்துப் பேருக்காவது போன் போட்டுக் கேளுங்கள். சிக்கரி கூடிவிட்டதா, அரைப்பு அவர்கள் ஃபில்டருக்கு நைஸாகிப்போய் டிக்காக்ஷன் இறங்கவில்லையா, சொன்ன தேதிக்குப் பையன் போகவில்லையா என்று தெரிந்துவிடும். புது வீட்டுக்கு முதல் பாக்கெட் போன ஒரு வாரத்தில் ஒரு போன், தேவைப்பட்டால் கலவையை மாற்றி இன்னொரு கால் கிலோ இலவசம் என்று வைத்தாலும் வீட்டுக்கு 150 ரூபாய்க்குள் முடியும். கடன் வாங்காமலே இந்த மாதமே தொடங்கலாம்.