நேரசூசிப் புகைப்படத்தை அட்டவணையாக்கும் செயலட்டை: கேள்வி பதில்

தலவாக்கலையிலிருந்து ஒரு வகுப்பாசிரியை: சேர், உங்கள் செயலட்டையில் பிள்ளைகள் முதல் இருபது நிமிடம் கணினியைத் தொடுவதே இல்லை. புகைப்படத்தைப் பார்த்து நேரே தட்டச்சு செய்ய விட்டால் என்ன?

விட்டுப் பார்த்தவன்தான் சொல்கிறேன், டீச்சர். எங்கள் தரம் 7 வகுப்பின் சுவரில் ஒட்டியிருந்த நேரசூசி கையால் எழுதியது. கட்டங்கள் சிறியவை என்பதால் பாடங்களைச் சுருக்கி எழுதியிருந்தார்கள். அதில் நான்கு கட்டங்களில் "சி" என்று மட்டும் இருந்தது. சிங்களமா, சித்திரமா? பாதிப் பிள்ளைகள் நான்கையும் சிங்களம் என்றே அடித்துவிட்டார்கள். ஒரு மாணவன் நான்கையும் சித்திரமாக்கிவிட்டான். சித்திரத்தின் மீது அவனுக்கு இருந்த ஆசை அது.

அதனால்தான் முதல் வேலை தாளில் நடக்கிறது. படத்தில் வருகிற ஒவ்வொரு சுருக்கத்தையும் இடப்பக்கம் எழுதி, முழுப் பெயரை வலப்பக்கம் எழுத வேண்டும். இரண்டு பெயர் பொருந்தினால் இரண்டையும் எழுத வேண்டும். பிறகு படத்திலேயே துப்புத் தேடலாம். வியாழக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளும் ஒரே பெரிய கட்டமாக இருந்து, நடுவில் ஒரு "சி" இருந்தது. எங்கள் பாடசாலையில் இரட்டைப் பாடவேளை சித்திரத்துக்குத்தான் உண்டு, ஆகவே அது சித்திரம். மற்ற மூன்றுக்கும் துப்பு இல்லை. அவற்றில் கேள்விக்குறி போட்டு, வகுப்பாசிரியரிடம் போய்க் கேட்டு வர வேண்டும். ஊகித்து எழுதிய கட்டம் அட்டவணையில் ஏறிய பிறகு, கேட்டு எழுதிய கட்டத்தைப் போலவே அழகாகத் தெரியும். பிறகு அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு பயிற்சி ஆசிரியர்: ஐந்து நாள், நாளுக்கு எட்டுப் பாடவேளை. மொத்தம் 40 வந்தால் அட்டவணை சரி. இதற்கு ஏன் மூன்று சரிபார்ப்பு?

பாதி சரி, தம்பி. 40 வராவிட்டால் பிழை நிச்சயம். வந்தால் சரி என்பது நிச்சயம் இல்லை. என் செயலட்டையின் முதல் பதிப்பில் நானே இதில் வழுக்கி விழுந்தேன்.

அட்டவணையின் அமைப்பு இது: A நிரலில் பாடவேளை எண், B முதல் F வரை திங்கள் முதல் வெள்ளி. முதல் நிரையில் கிழமைகள். 2 முதல் 5 வரை முதல் நான்கு பாடவேளைகள், 6ஆம் நிரையில் இடைவேளை, 7 முதல் 10 வரை மீதி நான்கு. எழுத்துள்ள கட்டங்களை எண்ண இப்படிக் கொடுத்திருந்தேன்:

```
=COUNTA(B2:F10)
```

ஒரு மாணவிக்கு மிகச் சரியாக 40 வந்தது. அவளுடைய அட்டவணையைப் பாராட்டி வகுப்புச் சுவரிலும் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து அவளே வந்து, "சேர், சித்திரம் இரண்டுதான் இருக்கிறது, மூன்று வர வேண்டுமே" என்றாள்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை இரட்டைப் பாடவேளையைப் படத்தில் உள்ளபடியே E9, E10 இரண்டையும் ஒன்றாக இணைத்து, ஒரு முறை "சித்திரம்" என்று எழுதியிருந்தாள். இணைத்த கட்டத்தை விரிதாள் ஒன்றாகத்தான் எண்ணும். ஆகவே ஒன்று குறைந்தது. இடைவேளை நிரையையும் B6 முதல் F6 வரை இணைத்து நடுவில் "இடைவேளை" என்று எழுதியிருந்தாள். அதையும் விரிதாள் எண்ணியது. ஆகவே ஒன்று கூடியது. கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று மறைத்து 40 ஆகிவிட்டன.

இப்போது செயலட்டையில் இரண்டு மாற்றம். கட்டங்களை இணைக்கக் கூடாது, இரட்டைப் பாடவேளை என்றால் இரண்டு கட்டத்திலும் பெயரை எழுத வேண்டும். எண்ணும்போது இடைவேளையை விட்டுவிட வேண்டும்:

```
=COUNTA(B2:F5)+COUNTA(B7:F10)
```

அதற்கு மேல், பாடம் பாடமாகவும் எண்ண வேண்டும். எங்கள் வகுப்பில் தமிழ், கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம் ஒவ்வொன்றும் ஐந்து, வரலாறும் சித்திரமும் மூன்று, மற்ற ஏழு பாடங்களும் இரண்டிரண்டு. கூட்டினால் 40. இந்தப் பட்டியலைப் படத்திலிருந்து எடுக்கக் கூடாது, வகுப்பாசிரியரிடமிருந்து தனியாக வாங்க வேண்டும். படத்திலிருந்து எடுத்தால், படத்தைப் பிழையாக வாசித்த அதே கண்தான் பட்டியலையும் எழுதும்.

```
=COUNTIF(B2:F10,"சித்திரம்")
```

ஒரு பாடம் ஒன்று கூடி இன்னொரு பாடம் ஒன்று குறைந்திருந்தால், ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் அது பெரும்பாலும் அந்தச் "சி"தான்.

அவரே மீண்டும்: அப்படியானால் பாடவாரியாக எண்ணினால் எல்லாப் பிழையும் பிடிபட்டுவிடுமே?

இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை கணிதம், நான்காம் பாடவேளை வரலாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அவற்றை மாற்றி எழுதிவிட்டால் மொத்தம் மாறாது, பாடவாரி எண்ணிக்கையும் மாறாது. கணக்குக்கு இடம் தெரியாது.

அதைப் பிடிக்க வாசிப்பு வேண்டும். இருவர் உட்கார வேண்டும். ஒருவர் படத்தை மட்டும் பார்த்து உரக்க வாசிக்க, மற்றவர் அட்டவணையை மட்டும் பார்க்க வேண்டும். தட்டச்சு செய்தது நாள்வாரியாக, மேலிருந்து கீழே. எனவே வாசிப்பது பாடவேளைவாரியாக, இடமிருந்து வலம்: "மூன்றாம் பாடவேளை: திங்கள் தமிழ், செவ்வாய் கணிதம்..." எழுதிய வழியிலேயே திரும்ப வாசித்தால், எழுதியபோது ஏமாந்த இடத்தில் கண் மறுபடியும் ஏமாறும்.

இன்னொரு பிழையும் இதில்தான் சிக்கும். பிள்ளை ஒரு கட்டத்தைத் தவறவிட்டால் அந்த நாளின் மீதிப் பாடங்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிடும், கடைசிக் கட்டம் வெறுமையாகும். வெறுமையாக விட்டால் நல்லது, எண்ணும்போது தெரிந்துவிடும். சில கெட்டிக்காரர்கள் அதில் குறைகிற பாடத்தைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். அப்போது எண்ணிக்கையும் சரியாகிவிடும்!

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய்: சேர், மகனுக்குக் காலை 6.40 பஸ். தவறினால் அடுத்தது எட்டு மணிக்குத்தான். இந்த நேரசூசியில் பஸ் நேரத்தை எங்கே எழுதுவது?

அம்மா, இது பாடவேளை அட்டவணை, பஸ்ஸுக்கு இதில் கட்டம் இல்லை. முதல் பாடவேளை எத்தனை மணிக்கு என்பதை மகன் செய்த அட்டவணையிலிருந்து பார்த்து, அதன் கீழே தனி வரியில் எழுதி வையுங்கள். எட்டு மணி பஸ்ஸில் வந்தால் எந்தப் பாடம் தவறும் என்பது அப்போது தெரியும். மகனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நல்ல பயிற்சி.

தரம் 7 மாணவி, மஸ்கெலியா: சேர், நேர நிரலில் எனக்கு 8.70 என்று வருகிறது. கூட்டல் சரியாகத்தான் செய்தேன்.

கூட்டல் சரி மகள், ஆனால் மணிக்கு 60 நிமிடம்தான். 8.30உடன் 40 நிமிடம் சேர்த்தால் 9.10. எங்கள் நேரசூசியில் முதல் பாடவேளை 7.50க்கு ஆரம்பம். நான்கு பாடவேளை முடிய 10.30, இருபது நிமிட இடைவேளை முடிய 10.50, மேலும் நான்கு முடிய 1.30. பாடசாலை விடும் நேரத்தில் வந்து நிற்கிறதா என்று பார். நிற்காவிட்டால் நடுவில் எங்கோ நழுவியிருக்கிறாய். விரிதாளில் நேரத்தைப் புள்ளி வைத்து எழுதாதே, 7.50 என்று அடித்தால் அது 7.5 ஆகிவிடும். `7:50` என்று அடி.

நுவரெலியாவிலிருந்து ஓர் ஆசிரியர்: பிள்ளைகள் எல்லாப் பாடத்தையும் சரியாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் COUNTIF எல்லாவற்றுக்கும் 0 தருகிறது. சூத்திரம் பிழையா?

எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்று பாருங்கள் சேர். பாமினி என்றால் காரணம் அதுதான். திரையில் "தமிழ்" என்று தெரிந்தாலும் கட்டத்துக்குள் இருப்பது `jkpo;`. நீங்கள் சூத்திரத்தில் யூனிகோடில் தேடுகிறீர்கள், எப்படிக் கிடைக்கும்? ஒரு கட்டத்தைத் தெரிவு செய்து எழுத்துருவை `Latha`வுக்கு மாற்றுங்கள். ஆங்கிலக் கிறுக்கலாக மாறினால் பாமினிதான். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் 0 இல்லாமல் ஒரு பாடத்தில் மட்டும் ஒன்று குறைந்தால், சொல்லின் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கலாம். `=LEN(C3)` போட்டுப் பாருங்கள். "கணிதம்" என்பதற்கு 6 வர வேண்டும், குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். 7 வந்தால் இடைவெளி இருக்கிறது.

பண்டாரவளையிலிருந்து ஒரு தந்தை: மகள் மூன்று சரிபார்ப்பும் செய்தாள். எல்லாம் சரி. ஆனால் புதன்கிழமை விஞ்ஞானப் புத்தகத்துடன் போனால் வகுப்பில் வரலாறு. செயலட்டையில்தானே குறை?

ஒரு வகையில் ஆம். இந்தச் சரிபார்ப்புகள் படத்தையும் அட்டவணையையும்தான் ஒப்பிடுகின்றன. படம் பழையதென்றால், பழைய நேரசூசியின் அழகான பிரதிதான் கிடைக்கும். புகைப்படம் எடுத்த திகதியை அட்டவணையின் மேல் எழுத ஒரு வரி இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தாண்டிவிடுகிறார்கள். தவணை நடுவே ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் நேரசூசி மாறும். சுவரில் இருக்கும் தாள் சில நாள் மாறாமலே இருக்கும். அதைப் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது.

தலவாக்கலை வகுப்பாசிரியை மீண்டும்: எங்களிடம் ஒன்பது கணினி, 34 பிள்ளைகள். இருவர் வாசிப்பதைத் தட்டச்சு செய்த பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையும் செய்யலாமா? அல்லது முற்றிலும் வேறு இருவரா?

வேறு இருவர் என்றால் அதிகம் பிடிபடுகிறது, ஆனால் வகுப்பில் இரைச்சல் தாங்க முடியாது. தட்டச்சு செய்த பிள்ளையே அட்டவணையைப் பார்த்தால், கேட்பதற்கு முன்பே "சரி, சரி" என்று சொல்லிவிடுகிறது. இப்போதைக்கு, தட்டச்சு செய்தவர் படத்தை வாசிக்க, பக்கத்துப் பிள்ளை அட்டவணையைப் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். இதிலும் ஒரு குறை: "சி" வரும் இடத்தில் தட்டச்சு செய்தவர் முன்பு நினைத்ததையே வாசிக்கிறார். நீங்கள் வேறு விதமாகச் செய்து பார்த்தால் எனக்கு எழுதுங்கள், டீச்சர்.