திவசச் சமையலில் மிளகாய் ஏன் இல்லை?

"தாத்தா திவசத்துக்கு மிளகுதான், மிளகாய் கூடாது என்கிறார் பாட்டி. கும்பகோணத்தில் மிளகாய் இல்லாத சமையலா?"

பாட்டி செய்வது கப்பல் வருவதற்கு முந்தைய சமையல். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் பெரும்பாலும் மிளகுதான். பெயரையே பாருங்களேன், மிளகு போல உறைக்கும் காய்!

மிளகுக் கொடிக்கு மலை நிழலும் ஈரமும் வேண்டும். டெல்டாக்காரர்கள் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மிளகாய் அப்படியில்லை, கொல்லையில் நாலு நாற்று நட்டால் மூன்று மாதத்தில் காய்த்துவிடும். ஏழை வீட்டுக் குழம்பிலும் காரம் ஏறியது இப்படித்தான். திவசம் மட்டும் பழைய பட்டியலிலேயே நின்றுவிட்டது.