முதல் பட்டதாரிகளுக்கு உதவித்தொகை வழங்கும் மேடைப் பேச்சு

"வர்ற சனிக்கிழமை எங்க காலேஜ்ல 12 முதல் பட்டதாரி பசங்களுக்கு உதவித்தொகை தர்றோம். வழிகாட்டியா 5 நிமிஷம் பேசணும். பரிதாபமா ஒலிக்கக் கூடாது. எப்படி எழுதுறது?"

முதலில் தொகுப்பாளரின் தாளை வாங்கிப் பாருங்க. "தந்தை கூலித் தொழிலாளி, ஆண்டு வருமானம் இவ்வளவு" என்று அதில் இருந்தால் அடிச்சிடுங்க. அது விண்ணப்பத்துக்கான தகவல். அரங்கில் அந்த அப்பாவும் உட்கார்ந்திருப்பார். பெயர், துறை, தேர்வானதற்கான காரணம், இவ்வளவு போதும்.

"இவ்வளவு கஷ்டத்திலும்" என்று தொடங்கும் வாக்கியத்தை, டாக்டர் வீட்டுப் பையனைப் பார்த்துச் சொல்வீங்களா? மாட்டீங்கன்னா வெட்டுங்க. அதுக்குப் பதிலா அவங்க செய்த வேலையைச் சொல்லுங்க: "கவிதா, உங்க சர்வே பயிற்சியில் பிழையை நீங்களே கண்டுபிடிச்சு மறுபடி அளந்தீங்க. தேர்வுக்குழு அதைத்தான் பார்த்தது." (பெயர் உதாரணத்துக்கு.) இதற்கு இப்பவே துறை ஆசிரியர்களிடம் ஆளுக்கொரு விவரம் கேட்டு வாங்கணும்.

மிச்ச நேரத்தை, வீட்டில் சொல்ல ஆள் இல்லாத விஷயங்களுக்குக் கொடுங்க. அரியர் விழுந்தால் உதவித்தொகை நிற்குமா, புதுப்பிக்க எந்தச் சான்று, எந்த மாதம், யாரிடம் என்று சொல்லுங்க. "எப்ப வேணாலும் வாங்க" என்றால் யாரும் வரமாட்டாங்க. "செவ்வாய் 4 மணி, என் அறை" என்றால் வருவாங்க.

"நன்றியோட இருங்க" மட்டும் வேண்டாம்.