கணக்கில் ஏறிய ஸ்காலர்ஷிப் திரும்பப் போனால் மேனேஜருக்கு எப்படி எழுதுவது?

"பெங்களூரில் பி.காம். படிக்கிறேன். ஸ்காலர்ஷிப் 12,000 ரூபாய் கணக்கில் ஏறி, மறுநாளே கழிந்துவிட்டது. மேனேஜருக்கு என்ன எழுத?"

‘பணத்தைத் திருப்பிப் போடுங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அனுப்பிய துறைக்கே பணம் போயிருந்தால், மேனேஜரால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. துறைதான் மறுபடி அனுப்ப வேண்டும். அதற்கு முதலில் காரணம் தெரிய வேண்டும்.

என் தம்பிக்கும் இப்படித்தான் ஆனது. முழு கேஒய்சி இல்லாமல் திறந்த ‘சிறு கணக்கு’ அது. அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது; அரசு மானியம், நலத்திட்டப் பணம் வரும்போது மட்டும் இந்த வரம்பு பார்க்கப்படாது. ஒரு நிதியாண்டில் மொத்த வரவும் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. அவனுக்கு அந்த ஆண்டில் ஏற்கெனவே 91,500 வரவாகியிருந்தது. 12,000 சேர்ந்ததும் 1,03,500. அவ்வளவுதான், பணம் திரும்பிவிட்டது. பாஸ்புக்கில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை!

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ கொடுங்கள், விஷயம் இதுதான்:

"ஐயா, என் சேமிப்புக் கணக்கில் (கடைசி நான்கு எண்கள் …) … தேதி வரவான ரூ.12,000 உதவித்தொகை, … தேதி கழிக்கப்பட்டுள்ளது. இரண்டு பதிவுகளின் குறிப்பு எண்கள்: … திருப்பியதன் காரணத்தையும், பணம் இப்போது வங்கியிடம் உள்ளதா, அனுப்பியவரிடம் சென்றதா என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும். கேஒய்சி குறை இருந்தால், இணைத்துள்ள ஆவணங்களைக் கொண்டு சரிசெய்யவும்."

நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் புகார் கொடுக்க அந்த நகல்தான் ஆதாரம். காரணம் எழுத்தில் கிடைத்து, கணக்கும் சரியானதும், அந்தப் பதிலைக் கல்லூரி ஸ்காலர்ஷிப் பிரிவில் கொடுத்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.