ஃபார்முலாவ கீழ இழுத்ததும் மொத்தம் ஏன் மாறுது? பச்சை இலை கணக்கு வச்சு ஒரு விளக்கம்

கேள்வி: சார், கோத்தகிரி பக்கம் விவசாயிங்ககிட்ட பச்சை இலை எடுத்து டீ ஃபேக்டரிக்கு போடறேன். எக்செல்ல B-ல கிலோ, C-ல பணம், தனியா F2-ல கிலோ விலை, F3-ல லாரி கூலி போட்டு வச்சிருக்கேன். C2-ல =B2*F2 அடிச்சா சரியா வருது, அதையே கீழ இழுத்தா மொத்தம் கால்குலேட்டர் கணக்கோட ஒத்தே வரல. எர்ரரும் காட்டல. எங்க தப்பு?

பதில்: மொதல்ல C3-ய க்ளிக் பண்ணிட்டு மேல ஃபார்முலா பார்ல பாருங்க, =B3*F3-னு இருக்கும். C4-ல =B4*F4. தப்பு அங்கதான் நடக்குது. நீங்க இழுத்தது ஒரு வரி கீழ, அதனால எக்செல் B2-ய B3 ஆக்கின மாதிரியே F2-வையும் F3 ஆக்கிடுச்சு, F3-ல இருக்கறது விலை இல்ல, லாரி கூலி. அதுக்கு கீழ F4, F5 எல்லாம் காலி, காலி செல்ல எக்செல் 0-னு எடுத்துக்கும், எர்ரர்னு சொல்லாது.

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம். விலை 24 ரூபா, லாரி கூலி கிலோவுக்கு 2 ரூபா, நாலு பேர் போட்ட இலை 45, 62, 38, 55 கிலோனு வைங்க. மொத ஆளுக்கு 45×24 = 1080, சரி. ரெண்டாவது ஆளுக்கு 62×2 = 124, அதாவது அவர் இலைய லாரி கூலியால பெருக்கி வச்சிருக்கு. மூணாவது நாலாவது ஆளுக்கு 0. மொத்தம் 1204-னு நிக்கும், வரவேண்டியது 4800. நாலு பேர்னா கண்ணுக்கு உடனே தெரிஞ்சிடும், நூறு பேர் லிஸ்ட்ல அடியில மொத்தத்த மட்டும் பார்த்துட்டு போனா தெரியவே தெரியாது.

ஏன் இப்படினா, வெறும் F2-னு எழுதினா எக்செல் அத "F2 செல்"னு ஞாபகம் வச்சுக்கறதில்ல, "நான் இருக்கற வரிசையிலயே மூணு காலம் வலது பக்கம்"னுதான் வச்சுக்குது. "எங்க வீட்டுக்கு மூணு வீடு தள்ளி"னு அட்ரஸ் சொல்ற மாதிரி, சொல்றவர் வீடு மாறினா அந்த மூணாவது வீடும் மாறிடும். இதுதான் ரிலேட்டிவ் ரெஃபரன்ஸ். கிலோவுக்கு இது கண்டிப்பா வேணும், ஏன்னா ஒவ்வொரு வரிக்கும் அவங்கவங்க கிலோதான் வரணும். விலைக்கு மட்டும் எங்க இருந்து கேட்டாலும் அதே செல்தான்னு சொல்லணும், அதுக்குத்தான் டாலர் குறி, அப்சல்யூட் ரெஃபரன்ஸ்ங்கறது இதுதான்:

```
=B2*$F$2
```

F-க்கு முன்னாடி இருக்கற டாலர் காலத்த பிடிச்சு வைக்கும், 2-க்கு முன்னாடி இருக்கறது வரிசைய பிடிச்சு வைக்கும். C2-ல டபுள் க்ளிக் பண்ணி, ஃபார்முலாவுக்குள்ள எழுதியிருக்கற F2 மேல கர்சர வச்சு F4 கீய ஒரு தடவ அமுக்குனா ரெண்டு டாலரும் தானா வந்துடும். சில லேப்டாப்ல Fn கீயையும் சேர்த்து அமுக்கணும், வரலனா கையிலயே $ அடிச்சுக்கலாம். அப்புறம் மறுபடியும் கீழ இழுங்க, பழைய தப்பு ஃபார்முலா மேலயே புதுசு உக்காந்துடும். கர்சர் தெரியாம B2 மேல இருந்து அதுக்கும் டாலர் விழுந்துட்டா எல்லா வரியிலயும் மொத ஆளோட பணமே, 1080, 1080-னு வரும், அப்படி வந்தா B2-ல இருக்கற டாலர எடுத்துடுங்க.

இத்தோட ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், ஏன்னா டாலர் கத்துக்கிட்டவங்க எல்லா இடத்துலயும் ரெண்டு டாலர் போட ஆரம்பிச்சிடறாங்க, அதுல வர்ற தப்பு இதவிட மோசம். குன்னூர் தேயிலை வாரியம் மாசாமாசம் பச்சை இலைக்கு விலை அறிவிக்குது இல்ல, அதனால நீங்க ஒரே ஷீட்ல ஏப்ரல், மே, ஜூன்னு பக்கத்துல பக்கத்துல போடறீங்கனு வைங்க. B2, C2, D2-ல மூணு மாச விலை, 3-வது வரிசையில இருந்து கிலோ, பணம் G, H, I-ல. G3-ல =B3*$B$2 போட்டு வலது பக்கம் இழுத்தா மே மாச இலைக்கும் ஏப்ரல் விலைதான் விழும். ஏப்ரல் 24, மே 26-னா, மே மாசம் 40 கிலோ போட்டவருக்கு 1040 வரணும், 960 வரும். 0-ம் இல்ல, எர்ரரும் இல்ல, பார்க்க நியாயமான தொகையாவே இருக்கும், ஒரு விவசாயிக்கு 80 ரூபா குறைஞ்சத யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. இங்க வரிசைய மட்டும் பிடிக்கணும், காலம் நகரணும்:

```
=B3*B$2
```

இத வலது பக்கம் இழுத்தா =C3*C$2, கீழ இழுத்தா =B4*B$2. ரெண்டு பக்கமும் சரியா போகும். F4-ய திரும்பத் திரும்ப அமுக்குனா $B$2, B$2, $B2, B2-னு சுத்தி வரும், தேவையானதுல நிறுத்திக்கோங்க. எத போடறதுனு குழப்பமா இருந்தா ஃபார்முலாவ எந்தப் பக்கம் இழுக்கப் போறோம், அப்படி இழுக்கும்போது இந்த செல் கூடவே வரணுமா நிக்கணுமானு ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியா கேட்டுக்கோங்க.

இப்ப சரியாச்சானு எப்படி பார்க்கறது? Ctrl-ஓட சேர்த்து Esc-க்கு கீழ இருக்கற ` கீய அமுக்குங்க, தொகை எல்லாம் மறைஞ்சு எல்லா செல்லயும் ஃபார்முலா தெரியும், C காலத்துல மேல இருந்து கீழ வரைக்கும் $F$2 மாறாம நிக்குதா, B நம்பர் மட்டும் ஏறிக்கிட்டே போகுதானு ஒரு பார்வை பாருங்க, மறுபடி அதே கீ அமுக்குனா பழையபடி ஆயிடும். அதோட மொத்தத்துக்கு பக்கத்துல எங்கயாவது காலி செல்ல இத போட்டு வைங்க:

```
=SUM(B2:B5)*F2
```

200 கிலோ × 24 = 4800, இதுவும் C காலத்து மொத்தமும் ஒண்ணா இருக்கணும். B5-க்கு பதிலா உங்க லிஸ்ட் முடியற வரி. ஃபார்முலா எல்லாம் சரியா இருந்தும் இந்த ரெண்டும் ஒத்து வரலனா கிலோ சில செல்ல எழுத்தா உக்காந்திருக்கானு பாருங்க, வாட்ஸ்அப்ல இருந்தோ பில்லுல இருந்தோ காப்பி பண்ணா அப்படி ஆகும். நம்பர் செல்லோட இடது ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு வரியிலயும் பெருக்கல் அத நம்பரா எடுத்துக்கும், ஆனா SUM அத விட்டுட்டு கூட்டும், அதுக்கும் டாலருக்கும் சம்பந்தம் இல்ல. அந்த நம்பர அழிச்சிட்டு கையால அடிங்க. அப்பவும் இடது ஓரமாவே நின்னா செல் ஃபார்மேட்ட ஜெனரல்னு மாத்திட்டு மறுபடி அடிங்க.

கடைசியா ஒண்ணு, டாலர் பிடிச்சு வைக்கறது செல்லோட இடத்த மட்டும்தான், அதுல இருக்கற விலைய இல்ல. உங்க ஷீட்ல F2-ல அடுத்த மாச விலைய மேலயே அடிச்சீங்கனா போன மாசம் பணம் குடுத்து முடிச்ச கணக்கும் அந்த நிமிஷமே புது விலைக்கு மாறிடும். அதனால மாசம் பொறந்ததும் கீழ ஷீட் பேர் மேல ரைட் க்ளிக் பண்ணி Move or Copy, Create a copy டிக் பண்ணி, புது ஷீட்ல கிலோவ அழிச்சிட்டு புது விலைய போடுங்க, அந்த ஷீட்ல இருக்கற $F$2 அந்த ஷீட்டோட F2-வத்தான் எடுக்கும், பழைய மாசம் அப்படியே இருக்கும்.