கூத்துப் பிரதியைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் யாரைப் பார்த்துப் பேசுகிறது?

கேள்வி: தெருக்கூத்து, நாட்டுக்கூத்துப் பிரதிகளை இலக்கியம் என்று சொல்கிறார்கள். நூலகத்தில் எடுத்து வாசித்தால் சொன்னதையே திரும்பச் சொல்கிறது, நகைச்சுவையும் சப்பென்று இருக்கிறது. இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது?

பதில்:

நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் உண்மைதான். ஆனால் இலக்கியம் இருப்பது அந்த இரண்டு இடத்திலும்தான் என்பது என் எண்ணம். கொழும்பில் உயர்தர மாணவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களும் முதல் வாரத்தில் இதையேதான் கேட்கிறார்கள். (அப்புறம் மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு பாணிகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் வேறுபாட்டைப் பாடமாக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போய்விடுகிறார்கள், அது வேறு கதை.)

முதலில் திரும்பச் சொல்வதை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் கூத்து ஆடுவது வட்டக்களரியில். நடுவில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரித் தாளமும் பிற்பாட்டுக்காரரும் நிற்பார்கள். ஆடுபவர் அவர்களைச் சுற்றி வருவார். சனம் நாலு பக்கமும் இருக்கும். கிழக்கே நின்று பாடிய அடி மேற்கே இருப்பவனுக்குப் பாதிதான் கேட்டிருக்கும், முகமும் தெரிந்திருக்காது. பிற்பாட்டுக்காரர் அந்த அடியை வாங்கிப் பாட, ஆடுபவர் நகர்ந்து அடுத்த பக்கத்துக்கு வருகிறார். தாளில் ஒரே வரி இரண்டு முறை. களரியில் அது வேறு வேறு ஆட்களிடம் சொன்ன வரி.

ஆனால் இடவசதியை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஒரே செய்தி திரும்ப வரும்போது மொழி ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறது, அதைக் கவனியுங்கள். இதைக் காட்ட ஒரு வரவை, அதாவது பாத்திரம் முதன்முதலில் களத்துக்குள் வரும் பகுதியை, எடுத்துக்கொள்வோம். கீழே வரும் வரிகள் எந்தப் பிரதியிலும் உள்ளவை அல்ல, அந்தப் பாணியில் நானே கட்டியவை. தெருக்கூத்தில் துரியோதனன் வரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள், வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தன்னைத்தானே படர்க்கையில் பாடுகிறார்:

மண்டலம் நடுங்க மாரதர் ஒடுங்க
கொண்டல்போல் முழங்கித் துரியோதனன் வந்தான்.

'வந்தேன்' என்று பாடவில்லை, 'வந்தான்' என்று பாடுகிறார். அவர் இன்னும் துரியோதனன் ஆகவில்லை. துரியோதனனைப் பற்றிச் சொல்லும் பாடகராகத்தான் நிற்கிறார். திரை விலகியதும் வசனம்: "ஆகோ, கேளும் கட்டியங்காரா, அத்தினாபுரம் ஆளும் மன்னன், நூற்றுவரில் மூத்தவன் நானே." இப்போது தன்மைக்கு வந்துவிட்டார், மொழியும் ஒரு படி இறங்கிவிட்டது. மூன்றாவது படி கட்டியங்காரனுடையது. அவன் அரசனின் சேவகன். ஆனால் முகம் சபையைப் பார்த்தபடி இருக்கும். "நூறு பேரா ராசா? நல்லதாப் போச்சு. கேஸ் வரிசையில நூறு இடம் பிடிச்சிருக்கலாமே, நீங்க சும்மா இருந்திட்டீங்க."

இந்தப் பகிடி 2022 இல் கொழும்பில் சொன்னால் கொட்டகையே அதிர்ந்திருக்கும். அன்று சமையல் எரிவாயு சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்ற சனம் இது. அதே வரியை ஐந்து வருடம் கழித்து அச்சில் வாசித்தால் சப்பென்றுதான் இருக்கும். நூலகத்தில் உங்களுக்கு நடந்ததும் இதுதான். கட்டியங்காரனுக்கு அச்சுப் பிரதியில் கிடைப்பது பெரும்பாலும் கட்டியம் கூறும் சில வரிதான். மிச்சம் அன்றிரவு அந்த ஊரில் பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. பிரதியில் இருப்பது பகிடி அல்ல, பகிடிக்கான இடம். எழுதியவர் அந்த இடத்தை எங்கே விட்டிருக்கிறார் என்று பார்ப்பதும் வாசிப்புத்தான். பெரும்பாலும் அரசன் தன் பெருமையைச் சொல்லி முடித்த கையோடு அது வரும். அந்தப் பெருமையை முழுசாக விழுங்கச் சபைக்கு நேரம் கொடுப்பதில்லை.

எல்லாக் கூத்திலும் கட்டியங்காரனுக்கு இந்த அளவு இடம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் அவன்தான் இரவு முழுக்கக் கூடவே வருவான். மட்டக்களப்பு வடமோடியில் கட்டியகாரனுக்கு வேலை குறைவு, அரசன் வரவை அறிவிப்பதோடு பெரும்பாலும் அடங்கிவிடும். யாழ்ப்பாணத்து இசை நாடகத்தில் பபூன் இருக்கிறான், காத்தவராயன் கூத்தில் சின்னான் இருக்கிறான். ஆள் மாறினாலும் நிற்கும் இடம் ஒன்றுதான். கதைக்குள் ஒரு காலும் சனத்துக்குள் ஒரு காலும்.

சரி, இதெல்லாம் சிரிக்க வைக்கும் உத்திதானே என்று கேட்கலாம். அதற்கு மேலே போகும் காட்சி துகிலுரிதல்.

கூத்து தொடங்கும்போதே பார்க்க வந்தவர்களை 'சபையோரே' என்று விளிப்பது வழக்கம். பிழை பொறுக்கச் சொல்வதும், வாழ்த்துச் சொல்வதும், அமைதியாக இருக்கச் சொல்வதும் அந்த விளியோடுதான். இரவு பாதி போனபின் திரௌபதியை மயிர் பிடித்து இழுத்து வருகிறார்கள். அவள் நீதி கேட்பது சபையிடம். கதைப்படி அந்தச் சபையில் பீஷ்மரும் துரோணரும் இருக்க வேண்டும். ஆனால் அத்தனை பேருக்கும் வேடம் கட்டி உட்கார வைக்கக் குழுவில் ஆள் ஏது? அவள் யாரைப் பார்த்துக் கேட்பாள்? எதிரே உட்கார்ந்திருக்கும் நம்மைத்தான். மாலையில் மரியாதைக்காக நமக்குக் கொடுத்த பெயர், நடுராத்திரியில் குற்றச்சாட்டாகத் திரும்பி வருகிறது. நாமும் பீஷ்மர் மாதிரியே பேசாமல்தான் இருக்கிறோம்.

இதற்கு முன் நடந்த பகிடிக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. ஒரு நிமிடம் முன்புவரை கட்டியங்காரனோடு சேர்ந்து கௌரவர் அவையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நாம். எதிரியின் சேவகனோடு நமக்குச் சினேகம் ஏற்படுத்தி வைத்துவிட்டுத்தான் அவளை உள்ளே கொண்டுவருகிறார்கள். பகிடியை வெட்டிவிட்டு இந்தக் காட்சியை மட்டும் ஆடினால் நாம் வெறும் பரிதாபப்படும் ஆட்களாக வெளியே நிற்போம். பகிடி இருந்தால் உள்ளே மாட்டிக்கொள்கிறோம்.

வட தமிழ்நாட்டில் இந்தக் காட்சியில் இன்னொன்றும் நடக்கும். துகிலில் கை வைக்கும் முன் துச்சாதனன் வேடம் கட்டியவர் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். வேடத்தில் இருந்தபடியே வேடத்துக்கு வெளியே வந்து பேசுகிறார். இப்போது கேட்பவர் யார்? நாமும் இல்லை, துரியோதனனும் இல்லை, திரௌபதியம்மன். ஒரே காட்சிக்குள் பேச்சு பாத்திரத்துக்கும் சனத்துக்கும் தெய்வத்துக்கும் மாறி மாறிப் போகிறது. இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட்டால் காட்சியின் கட்டுமானமே கண்ணில் படாது. எனக்குத் தெரிந்து எழுத்து நாடகத்தில் இவ்வளவு துணிச்சலான விளி மாற்றம் அபூர்வம்.

இது மேடைக்கு வந்தபோது என்ன ஆனது என்பது எங்கள் ஊர்க் கதை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 1962 இல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்' என்று கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடியது ஒரு மாலைக்குள் அடங்கியது. சனம் ஒரே பக்கம் என்பதால் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனார்கள், திரும்பப் பாடுவது குறைந்தது. பெற்றதும் பெரிதுதான். இராவணன் ஒரு துன்பியல் நாயகனாக எழுந்து நின்றான், கூத்தை நாகரிகமில்லாதது என்று நினைத்திருந்த நகரத்து ஆட்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தார்கள். அந்த வேலையைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளைச் 'சபையோரே' என்று கூப்பிட முடியாது என்பது அதன் விலை.

கொழும்பு மண்டபம் ஒன்றில் அண்மையில் இதைக் கண்ணாரக் கண்டேன். கட்டியங்காரன் வேடம் கட்டிய பையன் முன்னால் வந்து, "என்ன சொல்றீங்க, ராசா செய்யிறது நியாயமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி, நல்ல நேரம். முன்வரிசையில் இருந்தவர்கள் பிரதம விருந்தினர்கள். ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தார். பையன் மூன்று விநாடி காத்திருந்துவிட்டு எழுதிக் கொடுத்த அடுத்த வரிக்குப் போய்விட்டான். பின்வரிசையில் பதில் சொல்ல ஆள் இருந்திருக்கும், அவர்கள் முகம் அவனுக்குத் தெரியவில்லை.

நம் காலத்துத் தெருவெளி நாடகங்கள் இந்தப் பிரச்சினையைத் தீர்த்திருக்க வேண்டும். சனம் சுற்றி நிற்கிறது, வெளிச்சம் இருக்கிறது, முகம் தெரிகிறது. சிங்களத்தில் காமினி ஹத்தொட்டுவேகம 1974 முதல் கட்டிய வீதி நாடக மரபு அதைச் செய்து காட்டியது. ஆனால் தமிழில் டெங்கு, குடி என்று விழிப்புணர்வுக்காக ஆடுவதில் பெரும்பாலானவை 'மக்களே!' என்று தொடங்கிப் பிரசங்கத்தில் முடிகின்றன. அங்கே சிரிப்புக்குக் கிடைக்கும் ஆள் எப்போதும் குடிகாரன், அல்லது தோட்டத்துத் தமிழ் பேசும் வேலைக்காரன். கட்டியங்காரன் கீழே நின்று மேலே இருப்பவனைக் கேலி செய்வான், இவர்கள் மேலே நின்று கீழே செய்கிறார்கள். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சனத்தைப் பார்த்துப் பேசும் ஒரு வரியை எடுத்து, அதற்கு யாராவது குறுக்கே பதில் சொன்னால் நாடகம் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் அது ஒலிபெருக்கி அறிவித்தல்தான்.

திரும்பவும் நூலகத்துக்குப் போனால் வித்தியானந்தன் பதிப்பித்த 'அலங்காரரூபன் நாடகம்' கிடைக்கிறதா என்று பாருங்கள். தென்மோடிக் கூத்து, 1962 இல் வந்தது. வேறு எந்தப் பிரதியானாலும் சரி, ஒரு பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது போகும் திசையைக் குறியுங்கள்: பாத்திரத்துக்கு, சபைக்கு, தெய்வத்துக்கு. படர்க்கையில் இருந்து தன்மைக்கு மாறும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். சத்தமாக வாசியுங்கள், ஒரே வரி இரண்டாம் முறை வந்தால் எழுந்து திரும்பி நின்று வாசியுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. நேரில் பார்க்க ஆசையிருந்தால் மாசி மாதத்தில் ஹட்டன் பக்கம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். மேடை இல்லை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலும் பாதையும்தான். எங்கே நிற்பது என்று யோசிக்கத் தேவையில்லை, கூட்டத்தோடு நடந்தால் போதும்.