ஆறு பாயிண்ட்டும் ஒரு தடையும்

வணக்கம் சார். காலேஜ் டிபேட்ல "பதின்ம வயதினரின் சமூக ஊடகப் பயன்பாடு நெறிப்படுத்தப்பட வேண்டும்"னு ஆதரிச்சுப் பேசுறேன், ஏழு நிமிஷம். மன அழுத்தம், தூக்கம் கெடுறது, ஆன்லைன் கேலி, படிப்பு, ஆபாசம், அடிக்ஷன்னு ஆறு பாயிண்ட் வச்சிருக்கேன். கடைசில 16 வயசுக்குக் கீழ தடை வேணும்னு முடிக்கிறேன். இந்த அவுட்லைன் போதுமா?
– ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

ஆறுல அஞ்ச வெட்டிடுங்க. ஆறுல சொத்தையான ஒண்ண எதிரணி புடிச்சு ஆட்டினா போதும், மீதியும் சேர்ந்து ஆடும். அதவிட பெரிய ஓட்டை கடைசில இருக்கு, தலைப்பு கேக்குறது நெறிப்படுத்துறத, நீங்க முடிக்கிறது தடைல. கேக்காத சுமைய ஏன் தூக்கணும்?

தடைன்னதும் அவங்க தென்கொரியாவ எடுப்பாங்க. 2011ல அங்க 16 வயசுக்குக் கீழ உள்ளவங்க ராத்திரி 12லேருந்து காலைல 6 வரைக்கும் ஆன்லைன் கேம் ஆடக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, பசங்க பெத்தவங்க ஐடில உள்ள போனாங்க, 2021ல அரசாங்கமே அத எடுத்துடறோம்னு சொல்லிடுச்சு. ஆஸ்திரேலியாவ பதிலுக்குக் காட்டலாம்னு தோணும், ஆனா அங்க 16 வயசுக்குக் கீழ சோஷியல் மீடியா தடை அமலுக்கு வந்தது 2025 டிசம்பர் 10லதான், பலன் இதுதான்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு காலம் ஆகல. அதுலேருந்து ஒண்ண மட்டும் எடுத்துக்கோங்க, அங்க பிள்ளைக்கும் அபராதம் இல்ல பெத்தவங்களுக்கும் இல்ல, கம்பெனிக்குத்தான், அதிகபட்சம் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர். பொறுப்பு யார் தலைலங்கிறதுதான் உங்க பேச்சோட அச்சு.

வச்சுக்க வேண்டியது தூக்கம். ஏன்னா அது கெடுற விதத்த மேடைலயே காட்டலாம். முதல் நிமிஷம் வரையறை வேண்டாம், நேரா ஸ்க்ரீனுக்குப் போங்க. ராத்திரி பதினொன்றே முக்கால், ஒரு பதினாலு வயசுப் பையன் ஃபோன கீழ வச்சுட்டான், நோட்டிஃபிகேஷன் வருது, எடுக்குறான், ஒரு வீடியோ முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடுது, தள்ளத் தள்ள அடியே வரல. இதுல அவன் முடிவு பண்ணது எது? நோட்டிஃபிகேஷன், ஆட்டோப்ளே, முடிவில்லாத ஸ்க்ரோல், மூணும் கம்பெனி வச்சது. ரெண்டாவது நிமிஷம் "நெறிப்படுத்தறதுன்னு நாங்க சொல்றது இந்த மூணையும்தான்"னு எல்லைய நீங்களே போட்டுடுங்க, அப்புறம் அவங்க கருத்துரிமைன்னு ஆரம்பிச்சாலும் ஒட்டாது, யாரு என்ன எழுதணும்னு நீங்க பேசவே இல்லையே.

அடுத்த ரெண்டு நிமிஷம் ஆதாரம். இங்கதான் நிறைய பேர் வழுக்குவாங்க. 2023ல அமெரிக்க அரசோட தலைமை சுகாதார ஆலோசகரான சர்ஜன் ஜெனரல் அறிக்கைல ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல சோஷியல் மீடியா பாக்குற பசங்களுக்கு மனநலப் பிரச்சனைக்கான ஆபத்து ரெண்டு மடங்குன்னு வந்துச்சு. அத "சோஷியல் மீடியாவால டிப்ரஷன் வருது"ன்னு மாத்திச் சொன்னீங்கன்னா மாட்டினீங்க. எதிரணில படிச்ச ஆளு இருந்தா ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2019ல எழுதின கட்டுரைய நீட்டுவாங்க, பதின்ம வயசுக்காரங்க நலத்துல தெரியுற வித்தியாசத்துல டிஜிட்டல் பயன்பாடு விளக்குறது அதிகபட்சம் 0.4 சதவீதம்னு. நீங்க பதறாம "அது சராசரி, பத்து நிமிஷம் பாக்குறவனும் அதுல இருக்கான் விடிய விடிய பாக்குறவனும் இருக்கான், எங்க வாதம் ராத்திரில எழுப்பற டிசைனப் பத்தி"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுங்க. சேர்ந்து வருதுங்கிறதுக்கும் அதனால வருதுங்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்த நீங்களே முதல்ல சொல்லிட்டா இன்னும் நல்லது, ஜட்ஜ் அதுக்கு மார்க் போடுவார்.

அஞ்சாவது நிமிஷம் தீர்வு. "நடவடிக்கை எடுக்கணும்"னு பொத்தாம்பொதுவா விடாதீங்க, 2024ல நியூயார்க் மாநிலம் போட்ட சட்டத்தச் சொல்லுங்க. 18 வயசுக்குக் கீழ இருந்தா பெத்தவங்க சம்மதம் இல்லாம அல்காரிதம் பொறுக்கிக் கொடுக்குற அடிமைப்படுத்துற ஃபீட் கூடாது, ராத்திரி 12லேருந்து காலைல 6 வரைக்கும் அந்த ஃபீடப் பத்தின நோட்டிஃபிகேஷனும் கூடாது. அக்கவுண்ட் இருக்கும், ஃப்ரெண்ட்ஸ் இருப்பாங்க, தேடினா கிடைக்கும். ஆட்டோப்ளேவும் ஸ்க்ரோலும் இந்த ரெண்டு விதிக்குள்ள நேரடியா வரல, அது நீங்க கூடுதலா கேக்குறதுன்னு தனியா சொல்லிடுங்க, இல்லன்னா அதையே புடிச்சுப்பாங்க.

கடைசி ரெண்டு நிமிஷத்த மறுப்புக்கு வச்சுக்கோங்க, கேள்வி ஒண்ணுதான் வரும்: "வயசு பதினாலுன்னு எப்படித் தெரியும், பையன் பிறந்த வருஷத்த மாத்திப் போட்டா?" இது நிஜமான பலவீனம், மழுப்பாதீங்க. கொரியால நடந்தது இங்கயும் நடக்கும். அதனால திட்டத்தத் திருப்பிப் போடுங்க, யாரு அக்கவுண்ட் திறந்தாலும் ராத்திரி நோட்டிஃபிகேஷனும் ஆட்டோப்ளேவும் முதல்லேருந்தே ஆஃப்ல இருக்கட்டும், வேணுங்கிற பெரியவங்க வயசக் காட்டி ஆன் பண்ணிக்கட்டும். அப்போ பொய் சொல்லி உள்ள வந்த பையனுக்கும் அது ஆஃப்தான். "அப்ப பெரியவங்க அடையாள அட்டையக் கொடுக்கணுமா"ன்னு அடுத்து கேப்பாங்க, ஆன் பண்ணணும்னா ஆமா, கொடுக்க விருப்பமில்லன்னா அவங்க இழக்குறது ராத்திரி நோட்டிஃபிகேஷனையும் தானா ஓடுற அடுத்த வீடியோவையும் மட்டும்தான்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க.